டிவி ஓடுது... நெட் மட்டும் வரலையா? முதல்ல அந்த கேபிள் பின்னைப் பாருங்க!

ஜனவரி மாதம், காலை ஆறரை மணி. அருவங்காட்டிலிருந்து தங்கச்சி போன் பண்ணினாள். ``அக்கா, மோடம்ல அந்த ரெண்டாவது லைட் மறுபடியும் மினுக்குது. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு எனக்கு ஆன்லைன் இன்டர்வியூ. என்ன பண்றதுன்னே தெரியலை'' என்றாள். பின்னாலிருந்து சித்தியின் குரல் கேட்டது: ``டிவி நல்லாத்தானேடி ஓடுது. ஒயர்ல ஒண்ணும் இல்லை. அந்தப் பொட்டியைத்தான் மாத்தணும்!''

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் கேபிள் இணைப்பில் நெட் வைத்திருக்கும் வீடுகளில் இந்த வசனம் உங்களுக்குப் புதிதாக இருக்காது. டிவி ஓடுகிறது, ஆகவே ஒயர் சரி, ஆகவே மோடம்தான் போச்சு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. அதை நம்பி புது மோடம் வாங்கியவர்கள் பலர், அதுவும் அதே போலக் கண் சிமிட்டுவதைப் பார்த்துத் தலையில் கை வைத்திருக்கிறார்கள்.

ஆரம்பிப்பதற்கு முன் ஒரு விஷயத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் மோடத்துக்குள் போகும் ஒயர் எது? சுண்டுவிரல் அளவுக்குத் தடிமனாக, கறுப்பு அல்லது வெள்ளை நிறத்தில், முனையில் மரை உள்ள இரும்புத் தொப்பியோடு இருந்தால் அது கோஆக்ஸியல் கேபிள். இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். நூல் மாதிரி மெல்லிய ஒயர், முனையில் பச்சை அல்லது நீலப் பிளாஸ்டிக் என்றால் அது ஃபைபர். அதன் கோளாறுகளே வேறு, இங்கே சொல்வது எதுவும் அதற்குப் பொருந்தாது.

டிவி காது மட்டும்தான்... மோடத்துக்கு வாயும் வேண்டும்

டிவிக்கு வரும் கேபிள் ஒரு வழிப் பாதை. ஆபரேட்டரின் கன்ட்ரோல் ரூமிலிருந்து சிக்னல் வருகிறது, செட்-டாப் பாக்ஸ் அதைக் கேட்கிறது, படம் தெரிகிறது. பாக்ஸ் திருப்பி எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மோடம் அப்படி இல்லை. அதே ஒயரில் அது கேட்கவும் வேண்டும், பதில் பேசவும் வேண்டும். நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்க விரல் வைத்தாலே, அந்த வேண்டுகோள் உங்கள் வீட்டிலிருந்து மேலே போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

இந்த இருவழிப் பேச்சுக்கான விதிமுறைக்குப் பெயர் டாக்ஸிஸ். அமெரிக்காவின் கேபிள்லேப்ஸ் என்ற அமைப்பு 1997-ல் இதன் முதல் வடிவத்தை வெளியிட்டது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். மேலிருந்து கீழே வரும் பேச்சும், கீழிருந்து மேலே போகும் பேச்சும் ஒரே கம்பியில், ஆனால் வெவ்வேறு அலைவரிசைகளில் போகின்றன. டிவி சேனல்களும் நெட் டவுன்லோடும் உயரமான அலைவரிசைகளில் வருகின்றன. உங்கள் வீட்டிலிருந்து போகும் பேச்சுக்கோ அடிமட்டத்தில் ஒரு சின்ன சந்துதான். 5 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி, ஊருக்கு ஊர் மாறுபட்டு 42 அல்லது 65 மெகாஹெர்ட்ஸ் வரை. டிவி இந்தச் சந்தின் பக்கமே வருவதில்லை. சந்து மொத்தமாக அடைபட்டாலும் சித்தியின் சீரியல் நிற்காது.

போதாததற்கு, செட்-டாப் பாக்ஸ் கொஞ்சம் பொறுமைசாலி. சிக்னலில் சின்னச் சின்னப் பிழைகள் இருந்தால் தானே திருத்திக்கொண்டு படத்தைக் காட்டிவிடும். மோடமோ அதே இடத்துக்குள் அதிகத் தகவலைத் திணித்துக் கேட்கப் பழகியது. அதற்குத் தெளிவு அதிகம் தேவை. அதனால் டிவிக்குப் போதுமான சிக்னல் மோடத்துக்குப் போதாமல் போவது சாதாரணமாக நடக்கும்.

எந்த லைட் மினுக்குகிறது?

மோடத்தை ஆன் செய்ததும் அது என்னென்ன செய்கிறது என்று தெரிந்தால், பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். முதலில் பவர் லைட். அடுத்தது டவுன்ஸ்ட்ரீம் லைட். சில மோடம்களில் கீழ்நோக்கிய அம்புக்குறி போட்டிருக்கும். இது மினுக்கினால், மோடம் ஒவ்வொரு அலைவரிசையாகத் தேடி, கேட்கக்கூடிய ஒன்றைப் பிடிக்கப் பார்க்கிறது என்று அர்த்தம். பிடித்துவிட்டால் லைட் நிலையாக எரியும். இதைத்தான் `லாக் ஆகிடுச்சு' என்கிறார்கள்.

அதற்கடுத்து அப்ஸ்ட்ரீம் லைட், மேல்நோக்கிய அம்புக்குறி. இங்கேதான் சுவாரஸ்யம். ஒரு தேயிலைத் தோட்டத்தில் இந்தச் சரிவில் நின்றுகொண்டு எதிர்ச் சரிவில் இருப்பவரைக் கூப்பிடுவதை நினைத்துப் பாருங்கள். முதலில் சாதாரணமாகக் கூப்பிடுவீர்கள். பதில் வரவில்லை என்றால் சத்தத்தைக் கூட்டுவீர்கள். அப்போதும் வரவில்லை என்றால் கையை வாயில் குவித்துக் கத்துவீர்கள். மோடமும் அதையேதான் செய்கிறது. மெதுவாகக் கூப்பிட்டு, பதில் இல்லாவிட்டால் பவரைக் கூட்டி, மறுபடி கூப்பிட்டு, தன் தொண்டையின் எல்லை வரை போகும். பதினாறு முறை முயன்றும் பதில் கிடைக்காவிட்டால், எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கும். நீங்கள் பார்ப்பது, லைட்கள் ஒவ்வொன்றாக எரிந்து, திடீரென எல்லாம் அணைந்து, மறுபடி ஆரம்பிப்பதை. `மோடம் தானா ரீஸ்டார்ட் ஆகுது' என்று புகார் வருவது பெரும்பாலும் இதனால்தான்.

ஆக, முதல் லைட்டிலேயே, அதாவது டவுன்ஸ்ட்ரீமிலேயே நின்றுவிட்டால் சிக்னலே சரியாக வரவில்லை. டவுன்ஸ்ட்ரீம் நிலையாக எரிந்து அப்ஸ்ட்ரீம் மட்டும் மினுக்கினால், கேட்க முடிகிறது, பேச முடியவில்லை. தங்கச்சி சொன்ன `ரெண்டாவது லைட்' இதுதான்.

டவுன்ஸ்ட்ரீமே எரியவில்லை, டிவியும் ஓடவில்லை, பக்கத்து வீட்டிலும் அதே கதை என்றால் உங்கள் வீட்டில் எதையும் கழற்ற வேண்டாம். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரன்ட் போனால், உங்கள் வீட்டு மோடம் இன்வெர்ட்டரில் ஓடும். ஆனால், வழியில் சிக்னலைத் தூக்கிவிடும் ஆம்ப்ளிஃபையருக்குக் கரன்ட் இருக்காது. அது ஆபரேட்டரின் வேலை, காத்திருப்பதுதான் வழி.

லூஸ் பின் எப்படி ஏமாற்றுகிறது?

கோஆக்ஸ் ஒயரை வெட்டிப் பார்த்தால் நடுவில் ஒற்றைச் செம்புக் கம்பி, அதைச் சுற்றி வெள்ளை நுரை, அதற்கு மேல் அலுமினியத் தாளும் கம்பி வலையும், கடைசியாக வெளித்தோல். முனையில் போடும் எஃப் கனெக்டரை நம்ம ஊர் கேபிள்காரர்கள் `பின்' என்றே சொல்வார்கள். பின்னின் உடம்பு அந்தக் கம்பி வலையோடு இறுக்கமாக ஒட்ட வேண்டும். நடுக்கம்பி பின்னின் வாயைத் தாண்டி இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டு, எதிரில் உள்ள ஓட்டைக்குள் போய் நன்றாகக் கவ்வ வேண்டும். அவ்வளவுதான் மொத்தத் தொழில்நுட்பமும். ஆனால், இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் போச்சு.

நடுக்கம்பி குட்டையாக வெட்டப்பட்டு, தொட்டும் தொடாமலும் நின்றால் என்ன ஆகும்? `கரன்ட் கனெக்‌ஷன் மாதிரி முழுசா கட் ஆகிடும்' என்றுதான் தோன்றும். ஆகாது. உயர்ந்த அலைவரிசைச் சிக்னல் அந்தக் குட்டி இடைவெளியைத் தாண்டிக் குதித்துவிடும். தாழ்ந்த அலைவரிசைக்கு அது முடியாது. இடைவெளி ஒரு சின்ன கெப்பாசிட்டர் போல வேலை செய்வதுதான் காரணம். இப்போது முன்னால் சொன்னதை இதோடு சேர்த்துப் பாருங்கள். டிவியும் டவுன்லோடும் உயரத்தில், மோடத்தின் பேச்சு அடிமட்டத்தில். லூஸான பின் முதலில் கழுத்தை நெரிப்பது மோடத்தின் பேச்சைத்தான். டிவி தெளிவாக ஓட, அப்ஸ்ட்ரீம் மட்டும் சாவது இப்படித்தான்.

ஒயருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் கதை நேர் எதிர். அங்கே உயர்ந்த அலைவரிசைகள்தாம் அதிகம் தேயும். அதாவது டிவியில் சில சேனல்கள் கட்டம் கட்டமாக உடையும், டவுன்லோடு பக்கம் முதலில் அடி வாங்கும். எது முதலில் சாகிறது என்று கவனித்தால், பின்னைப் பார்ப்பதா, ஒயரையே மாற்றுவதா என்று தெரிந்துவிடும்.

நீலகிரியில் இரண்டுமே அதிகம் நடக்க நியாயம் இருக்கிறது. இங்கே மழை எப்படி என்று சொல்லத் தேவையில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியதை ஊரே மறக்காது. ஆனால், ஒயருக்கு மழையை விட மோசம், மாதக்கணக்கில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும் மேகம். அந்த ஈரம் பின்னின் மரைக்குள் புகுந்து, கம்பி வலையை விளக்குத்திரி போல நனைத்துக்கொண்டே உள்ளே ஏறும். டிசம்பர், ஜனவரியில் ராத்திரி உறைபனி, பகலில் சுள்ளென்ற வெயில். ஒயரும் பின்னும் தினமும் சுருங்கி, விரிந்து, கையால் மட்டும் திருகி விட்ட இணைப்பு கொஞ்சம் கொஞ்சமாக லூஸாகிறது. சில்வர் ஓக் மரத்திலும் கற்பூர மரத்திலும் கட்டி இழுத்த ஒயர்கள் காற்றில் ஆடும்போது, அந்த ஆட்டம் கடைசியில் வந்து நிற்பது உங்கள் வீட்டுப் பின்னில்தான். குரங்குகள் ஒயரில் ஊஞ்சலாடுவதைப் பற்றி... அதற்குத் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம்.

ஸ்ப்ளிட்டர் என்ற வரி வசூல்காரர்

ஒரே ஒயரை இரண்டு, மூன்று அறைக்குப் பிரிக்கும் அந்தச் சின்ன இரும்புப் பெட்டிதான் ஸ்ப்ளிட்டர். சிக்னலைப் பிரித்தால் குறையத்தான் செய்யும். இரண்டு வழி ஸ்ப்ளிட்டர் ஒவ்வொரு பக்கத்துக்கும் பாதி கொடுத்து, அதிலும் தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். இந்த இழப்பு சுமார் 3.5 டெசிபெல். நான்கு வழி என்றால் சுமார் 7 டெசிபெல். இது கோளாறு இல்லை, எல்லோரும் கட்ட வேண்டிய வரி. மோடத்தின் பேச்சு மேலே போகும்போதும் இதே வரியைக் கட்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

பிரச்னை, வரிக்கு மேல் லஞ்சம் வாங்கும் ஸ்ப்ளிட்டர்களால். மழை படும் கூரைச் சாய்ப்புக்குக் கீழே பல வருஷமாகத் தொங்கி, உள்ளே துருப்பிடித்த பெட்டி ஒரு ரகம். இன்னொரு ரகம் புதிதாகவே இருக்கும், பளபளக்கும், ஆனால் வெறும் டிவிக்காகச் செய்தது. அதன் முதுகில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 5–1000 மெகாஹெர்ட்ஸ் என்று இருந்தால் மோடத்துக்கு ஏற்றது. 45-ல் தொடங்கி 860 வரை என்பது போல இருந்தால், மோடம் பேசும் அந்த அடிமட்டச் சந்துக்கு அதில் வழியே இல்லை என்று அர்த்தம். எங்கள் பக்கத்துப் பல வீடுகளில் கேபிள் ஒயர் இழுத்த காலத்தில் நெட் என்ற பேச்சே இல்லை. அப்போது போட்ட பெட்டி இன்னும் பரணில் இருக்கும்.

சில வீடுகளில் பெட்டி நல்லது, மாட்டிய விதம் தப்பு. வெளியிலிருந்து வரும் ஒயரை `இன்' என்று போட்ட வாயில்தான் மாட்ட வேண்டும். மாறி `அவுட்' வாயில் மாட்டினால், மற்ற `அவுட்' வாய்களுக்குச் சிக்னல் மிகக் குறைவாகத்தான் கசியும். ஏனென்றால் ஒரு வாய் இன்னொரு வாயைத் தொந்தரவு செய்யக் கூடாது என்றுதான் அந்தப் பெட்டியையே வடிவமைத்திருக்கிறார்கள். வெள்ளையடிக்க வந்தவர் கழற்றி மாட்டிய பிறகு நெட் போச்சு என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

அருவங்காட்டு வீட்டில் நடந்தது

தங்கச்சியிடம் முதலில் கேட்டது, ``எப்பெல்லாம் போகுது?'' என்றுதான். ``சாயங்காலம் குளிர ஆரம்பிச்சா போகுது, காலைல பத்து மணிக்கு வெயில் ஏறினதும் தானா வந்துடுதுக்கா'' என்றாள். அந்த ஒரு வரி போதும். செத்துப்போன மோடம் வெயில் பார்த்து உயிர் பெறாது. குளிரில் சுருங்கி, வெயிலில் விரியும் ஏதோ ஒரு இணைப்பு வீட்டுக்கு வெளியே இருக்கிறது.

நெட் வந்த பிறகு, பத்தரை மணிக்கு அவளை மோடத்தின் உள்பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். மோடத்தோடு லேப்டாப்பை நேரடியாகவோ, வைஃபை வழியாகவோ இணைத்துவிட்டு, பிரவுசரில் `192.168.100.1` என்று அடித்தால் பெரும்பாலான கேபிள் மோடம்களில் நிலவரப் பக்கம் திறக்கும். சில ஆபரேட்டர்கள் இதை மூடி வைத்திருப்பார்கள். அப்படியென்றால் லைட்டை மட்டும் நம்பித்தான் போக வேண்டும். அவளுக்குத் திறந்தது. பல சேனல்கள் வரிசையாக இருந்தன. அவற்றின் எண்கள் ஏறத்தாழ இப்படி:

```
Downstream Power : -12.0 dBmV
Downstream SNR   :  31.0 dB
Upstream Power   :  54.0 dBmV
```

முதல் வரி, மோடத்தின் காதுக்கு வந்து சேரும் சத்தம். பூஜ்யத்துக்கு இரண்டு பக்கமும் ஏழு, எட்டுக்குள் இருந்தால் நிம்மதி. மைனஸ் 15-ஐத் தாண்டினால் விதிமுறையின் எல்லையே முடிந்துவிடும். இரண்டாவது வரி, சத்தத்துக்கும் இரைச்சலுக்கும் உள்ள வித்தியாசம். 33-க்கு மேல் இருப்பது நல்லது. மூன்றாவதுதான் தொண்டை. 35-லிருந்து 49 வரை சாதாரணப் பேச்சு. ஐம்பதைத் தாண்டினால் கத்துகிறது. 54 என்றால் கிட்டத்தட்டக் குரல் போகும் நிலை. அதாவது பகலில் நெட் `நல்லா இருக்கு' என்று நாம் நினைக்கும் நேரத்திலேயே மோடம் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. சாயங்காலம் இன்னும் கொஞ்சம் தேய்ந்ததும் கை விட்டுவிட்டது. நிகழ்வுப் பதிவிலும் ராத்திரி முழுக்க இந்த வரிதான்:

```
No Ranging Response received - T3 time-out
```

`கூப்பிட்டேன், பதில் இல்லை' என்று மோடம் எழுதி வைத்திருக்கும் டைரி இது. இந்தப் பக்கத்தை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொன்னேன். பிறகு உதவியது.

அடுத்தது, இந்த விஷயத்திலேயே மிக முக்கியமான சோதனை. ஸ்ப்ளிட்டரைத் தாண்டிப் போவது. வீட்டின் பின்பக்கச் சாய்ப்புக்குக் கீழே நான்கு வழிப் பெட்டி ஒன்று இருந்தது. வெளியிலிருந்து வரும் ஒயர் அதன் `இன்' வாயில். ஹால் டிவி, பெட்ரூம் டிவி, மோடம் என்று மூன்று ஒயர்கள் வெளியே. நான்காவது வாய் திறந்தே கிடந்தது. மோடத்தையும் டிவி பாக்ஸ்களையும் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு, `இன்' ஒயரையும் மோடத்துக்குப் போகும் ஒயரையும் கழற்றி, இரண்டையும் ஒரு ஜாயின்டர் போட்டு நேரடியாக இணைக்கச் சொன்னேன். கேபிள் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும் சின்ன இரட்டை மரைத் துண்டுதான் ஜாயின்டர்.

கழற்றும்போதே அவள் கத்தினாள். ``அக்கா, இந்த `இன்' பின்னு ஸ்பேனரே இல்லாம, ரெண்டு விரல்லயே சுத்துது!'' உள்ளே எட்டிப் பார்த்தால், நடுக்கம்பி பின்னின் வாய் வரைக்கும்கூட வரவில்லை. குட்டையாக வெட்டியிருந்தார்கள். நுனியில் பச்சைப் பூச்சு. ஸ்ப்ளிட்டரின் வாய்க்குள்ளும் அதே பச்சை. கம்பியை ஒரு துணியால் துடைத்து, பின்னைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி நடுக்கம்பி வெளியே தெரியும்படி செய்து, ஜாயின்டரில் இறுக்கினாள். இது நிரந்தர வைத்தியம் இல்லை, சோதனைக்கு மட்டும். மோடத்தை ஆன் செய்தாள். மூன்று நிமிடத்தில் எல்லா லைட்டும் நின்றன.

```
Downstream Power :  -2.0 dBmV
Downstream SNR   :  37.0 dB
Upstream Power   :  41.0 dBmV
```

இங்கேதான் கணக்குப் போட வேண்டும், ரொம்பச் சின்னக் கணக்கு. டவுன்ஸ்ட்ரீம் மைனஸ் 12-லிருந்து மைனஸ் 2 ஆனது. 10 டெசிபெல் திரும்பக் கிடைத்திருக்கிறது. நான்கு வழி ஸ்ப்ளிட்டர் நியாயமாக எடுக்க வேண்டியது 7. மீதி 3 யார் எடுத்தது? அப்ஸ்ட்ரீம் 54-லிருந்து 41. 13 டெசிபெல். நியாயமான 7 போக, 6 எங்கே போயிருந்தது? ஸ்ப்ளிட்டரை நீக்கினாலே நெட் வரும்தான். ஆனால் அதோடு நிறுத்தினால் `ஸ்ப்ளிட்டர்தான் கெட்டது' என்று முடிவெடுத்து, புதுப் பெட்டியை அதே லூஸ் பின்னில் மாட்டியிருப்போம். வரிக்கு மேல் போன இழப்பு, டவுன்ஸ்ட்ரீமை விட அப்ஸ்ட்ரீமில் இரண்டு மடங்கு இருப்பதைப் பாருங்கள். தாழ்ந்த அலைவரிசைக்கு அதிக அடி. இது தொட்டும் தொடாமலும் நிற்கும் நடுக்கம்பியின் கையெழுத்து. பெட்டியும் துருப்பிடித்திருந்தது உண்மை. ஆனால் பெரிய குற்றவாளி பின்.

சரி செய்தது எப்படி?

ஸ்க்ரீன்ஷாட் இரண்டையும் கேபிள் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, ``அண்ணா, ஸ்ப்ளிட்டர் இல்லாம 41, போட்டா 54. `இன்' பின் லூஸ். பின் மாத்தித் தர முடியுமா?'' என்று கேட்கச் சொன்னேன். `நெட் வரலை' என்று மட்டும் சொன்னால் `மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்றுதான் பதில் வரும். எண்ணோடு கேட்டால் கருவியோடு ஆள் வருவார். அன்று மதியமே ஒரு பையன் வந்தார்.

வந்தவர் முனையில் ஒரு ஜாண் ஒயரை வெட்டிப் போட்டார். உள்ளே கம்பி வலை கறுத்திருந்தால், பளிச்சென்று வெள்ளியாகத் தெரியும் இடம் வரை வெட்ட வேண்டும். நனைந்த வலையில் புதுப் பின் போட்டால் ஒரு மாதத்தில் பழைய கதைதான். பிறகு அழுத்திப் பொருத்தும் கம்ப்ரஷன் பின் போட்டார். கையால் திருகி மாட்டும் பின்னும், கட்டிங் பிளேயரால் நசுக்கிவிடும் பின்னும் வீட்டுக்குள் கொஞ்ச நாள் தாங்கலாம். மேகம் இறங்கும் சாய்ப்புக்குக் கீழே தாங்காது. கம்ப்ரஷன் பின்னுக்குத் தனிக் கருவி வேண்டும். வீட்டில் நீங்களே முயல வேண்டாம் என்பதற்கு அதுதான் காரணம். சரியாகப் போட்ட பின்னை எப்படிப் பார்ப்பது? வாய்க்குள் எட்டிப் பாருங்கள். வெள்ளை நுரை அடித்தளத்தோடு சமமாக இருக்க வேண்டும். நடுக்கம்பி நேராக, கொஞ்சம் வெளியே நீட்டியிருக்க வேண்டும். வலையின் ஒரு முடி இழைகூட நடுக்கம்பியைத் தொடக் கூடாது.

இறுக்குவதில் ஒரு சூட்சுமம். ஸ்ப்ளிட்டரிலும் ஜாயின்டரிலும் விரலால் முழுக்கத் திருகிவிட்டு, 11 மில்லிமீட்டர் ஸ்பேனரால் கால் சுற்றுக்கும் குறைவாக ஒரு தட்டு. மோடத்தின் பின்பக்கத்தில் மட்டும் ஸ்பேனரை வைத்துப் பலம் காட்டாதீர்கள். உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டோடு அந்த வாய் பிய்ந்து வரும். அங்கே விரல் இறுக்கமும், ஒரு சின்னத் திருகலும் போதும்.

அமைப்பையும் மாற்றினோம். சாய்ப்பில் ஒரு புது இரண்டு வழிப் பெட்டி, 5–1000 என்று அச்சிட்டது. அதன் ஒரு வாய் நேராக மோடத்துக்கு. இன்னொரு வாயிலிருந்து வீட்டுக்குள் இன்னொரு இரண்டு வழிப் பெட்டி, அதிலிருந்து இரண்டு டிவிக்கு. இப்படிச் செய்தால் மோடம் கட்டும் வரி 7-லிருந்து 3.5 ஆகிறது. டிவிகளுக்குப் பழைய அளவே போகிறது. அவை பொறுமைசாலிகள், பிரச்னை இல்லை. வருங்காலத்தில் மூன்றாவது டிவி வாங்கினாலும் மோடத்தின் பக்கம் யாரும் கை வைக்கத் தேவையில்லை. எந்த வாயாவது காலியாக இருந்தால் 75 ஓம் டெர்மினேட்டர் என்ற சின்ன மூடியைப் போட வேண்டும். திறந்த வாய் வழியாக வெளி இரைச்சல் உள்ளே வரும். அந்த இரைச்சல் உங்களோடு நிற்காது. ஒரு தெருவின் எல்லா வீட்டுப் பேச்சும் ஒரே கம்பியில்தான் மேலே போய்ச் சேர்கிறது என்பதால், உங்கள் வீட்டு லூஸ் பின்னால் பக்கத்து வீட்டு நெட்டும் தள்ளாடும். கேபிள் அண்ணன்கள் சில நேரம் தெருத்தெருவாகக் கழற்றி மாட்டிக்கொண்டு அலைவது இதைத் தேடித்தான்.

பெட்டியை மழை படாத இடத்துக்கு மாற்றி, வாய்கள் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்தோம். அதற்குள் நுழைவதற்கு முன் ஒயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினோம். ஒயர் வழியாக ஓடி வரும் தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், பின்னுக்குள் போகாது. கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றுவது பலருக்குப் பழக்கம். அது தண்ணீரைத் தடுப்பதை விட, உள்ளே போன தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைப்பதில்தான் கெட்டி.

எங்கே கை வைக்கக் கூடாது?

இடி, மின்னல் நேரத்தில் கேபிள் ஒயரைத் தொடவே வேண்டாம். மலைச் சரிவில் வெகுதூரம் அந்தரத்தில் வரும் ஒயர் அது. பின்னைத் தொட்டதும் சுரீரென்று ஷாக் அடித்தால், அங்கேயே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வீட்டின் எர்த்திலோ, ஏதாவதொரு டிவியிலோ கசிவு இருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. கம்பத்தில் ஏறுவது, தெருவில் உள்ள பெட்டியைத் திறப்பது இரண்டும் உங்கள் வேலை இல்லை. ஆம்ப்ளிஃபையருக்கான கரன்ட்டை அந்தப் பெரிய ஒயரிலேயே அனுப்பும் ஆபரேட்டர்கள் உண்டு.

ஸ்ப்ளிட்டரை முழுக்கத் தவிர்த்து, நல்ல பின்னோடு நேராக இணைத்த பிறகும் எண்கள் மோசமாகவே இருந்தால் கோளாறு வீட்டுக்கு வெளியே என்று பொருள். கம்பத்திலிருந்து வரும் ஒயரோ, அங்கே உள்ள இணைப்போ. அந்த ஸ்க்ரீன்ஷாட்டை ஆபரேட்டரிடம் கொடுத்துவிடுங்கள். எண்கள் எல்லாம் அருமையாக இருந்தும் ஆன்லைன் லைட் மட்டும் வரவில்லை என்றால், அது உங்கள் கணக்கு அல்லது மோடம் பதிவு தொடர்பான சிக்கல். ஸ்பேனரால் அதைத் தீர்க்க முடியாது. மோடத்தையே சந்தேகிப்பது இவை எல்லாம் முடிந்த பிறகுதான். அதற்கும் எளிய வழி, அதே ஒயரில் ஆபரேட்டரின் மோடம் ஒன்றை மாட்டிப் பார்ப்பது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் புல்லெல்லாம் உறைபனி. தங்கச்சி எனக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினாள். டவுன்ஸ்ட்ரீம் மைனஸ் 5.5, அப்ஸ்ட்ரீம் 44.5. அதற்குக் கீழே, ``அக்கா, அம்மா இப்பவும் பொட்டியை மாத்தியிருக்கலாம்னுதான் சொல்றாங்க'' என்று எழுதியிருந்தாள்.